பில்லும் ஆர்டரும் ஒத்துப்போனால் போதுமா? ஒரு விறகு லோடை வைத்து த்ரீ-வே மேட்ச் சோதிப்போம்

கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு தேயிலை ஃபேக்டரியை எடுத்துக்கொள்வோம். இலையை வாட்டவும் காயவைக்கவும் சூடு வேண்டும், அதற்கு விறகு வேண்டும். சீகை, கற்பூர மரம் என்று லோடு லோடாக வரும். லாரி எடைமேடையில் ஏறும், சீட்டு வரும், ஸ்டோரில் வரவு வைப்பார்கள். சில நாள் கழித்து விறகுக்காரரின் பில் வரும்.

அந்த பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று தாள்கள் ஒத்துப்போக வேண்டும்: என்ன விலைக்கு எவ்வளவு கேட்டோம் (ஆர்டர்), எவ்வளவு வந்தது (வரவுக் குறிப்பு, வழக்கில் ஜி.ஆர்.என்.), எவ்வளவுக்குக் காசு கேட்கிறார்கள் (பில்). முன்பு கணக்குப் பிரிவில் ஒருவர் மூன்றையும் பின் அடித்து, பேனாவால் டிக் போட்டுப் பார்த்தார். இப்போது அதை மென்பொருள் செய்கிறது. ஆடிட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டிக் போட்ட ஆள் இல்லை, டிக்கும் இல்லை. அப்படியானால் எதைச் சோதிப்பது?

25 பில்களை உருவி, மூன்று தாளும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. அவை எல்லாம் ஒத்துத்தான் போகும். விறகுக்காரர் சரியான பில் அனுப்பினார் என்பதுதான் அதில் தெரியும். தவறான பில் வந்திருந்தால் மென்பொருள் நிறுத்தியிருக்குமா என்பது தெரியாது. ஆகவே தவறான பில்லை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் விதியைக் கேளுங்கள், பிறகு திரையைப் பாருங்கள்

கொள்முதல் கொள்கையில் எழுதியிருப்பது என்ன? நம் உதாரணத்தில் இப்படி வைத்துக்கொள்வோம்: விலை ஆர்டரைவிட 2% வரை கூடலாம், அளவில் ஒரு கிலோகூட விலக்கு கிடையாது. இதே எண்கள் மென்பொருளின் செட்டிங்கில் இருக்கின்றனவா என்று பார்த்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். SAP என்றால் `OMR6` திரையில், விலைக்கு `PP`, அளவுக்கு `DQ` என்ற விலக்கு வரம்புகளைத் தேடுங்கள். மற்ற மென்பொருள்களில் பெயர் மாறும், விஷயம் இதேதான்.

இத்தோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். செட்டிங் அப்படி இருக்கிறது என்பது ஒன்று, மென்பொருள் அப்படி நடக்கிறது என்பது வேறு.

சோதனை எங்கே செய்வது

டெஸ்ட் சிஸ்டத்தில்தான். உண்மையான கணக்கில் பொய் பில் போடக் கூடாது. ஆனால் டெஸ்ட் சிஸ்டத்தின் செட்டிங் நிஜத்தில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்பதை முதலில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பல இடங்களில் டெஸ்ட் சிஸ்டம் இரண்டு வருடம் பழையதாக இருக்கும். டெஸ்ட் சிஸ்டமே இல்லாத சின்ன ஃபேக்டரி என்றால், கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பில் ஏற்றுவதை நேரில் பாருங்கள். மென்பொருள் ஏற்கெனவே நிறுத்தி வைத்த பழைய பில்களையும் கேட்டு வாங்குங்கள். நிறுத்தப்பட்ட பில் ஒன்றுகூட இல்லை என்று சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தவறான பில்களைப் போடுவது

ஆர்டர்: சீகை விறகு 10 டன், டன்னுக்கு ₹4,200. லாரியில் வந்தது 9.4 டன், ஜி.ஆர்.என். அப்படியே போடப்பட்டிருக்கிறது. விறகுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் கணக்கு எளிது. கொடுக்க வேண்டியது 9.4 × 4,200 = ₹39,480.

முதலில் சரியான பில்லை, அதாவது ₹39,480-ஐ ஏற்றுங்கள். போக வேண்டும். நல்ல பில்லையே நிறுத்துகிறது என்றால் அந்த ஊரில் யாரோ தினமும் கையால் விடுவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த பில் போனதைக் குறித்துக்கொண்டு ரத்து செய்துவிடுங்கள். இனி வரும் ஒவ்வொரு பில்லையும் அப்படித்தான், பார்த்ததும் ரத்து.

அடுத்து விலை. 4,200-இல் 2% என்பது 84. ஆகவே டன் ₹4,284 என்று ஒரு பில், ₹4,285 என்று இன்னொன்று. முதலாவது போக வேண்டும், இரண்டாவது நிற்க வேண்டும். ₹5,000 என்று போட்டு, நின்றதைப் பார்த்துத் திருப்தி அடைவது சோம்பேறித்தனம். வரம்பு 2% என்பதற்குப் பதில் 10% என்று இருந்தாலும் ₹5,000 நின்றிருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரூபாய், அந்தப் பக்கம் ஒரு ரூபாய் என்று போட்டால்தான் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியும். 4,285 என்பது 2.02% கூடுதல். அதை முழு எண்ணாக்கி 2 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளும் இங்கேதான் மாட்டும்.

இப்போது முக்கியமானது. 10 டன், டன் ₹4,200, மொத்தம் ₹42,000 என்று ஒரு பில் போடுங்கள். இந்த பில் ஆர்டரோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாதது வரவு மட்டும்தான்: 0.6 டன், ₹2,520. இந்த பில் தடையில்லாமல் போனால் உங்களிடம் இருப்பது த்ரீ-வே மேட்ச் இல்லை, ஆர்டரையும் பில்லையும் மட்டும் பார்க்கும் டூ-வே மேட்ச். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

கடைசியாக இரண்டாவது பில். ₹39,480 பில்லை மறுபடி ஏற்றி, இந்த முறை ரத்து செய்யாமல் விடுங்கள். அதே ஆர்டருக்கு, வேறு பில் எண்ணில், இன்னொரு 9.4 டன் பில் போடுங்கள். ‘245’ என்ற பில்லுக்குப் பிறகு ‘245-A’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பில் எண் இரண்டு முறை வந்தால் தடுக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு, ஆனால் அந்த ‘-A’ அதை ஏமாற்றிவிடும். மேட்ச் சரியாக இருந்தால், வந்தது 9.4, ஏற்கெனவே பில் ஆனது 9.4, மீதி பூஜ்யம் என்று கணக்குப் போட்டு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பில்லையும் மொத்த வரவோடு மட்டும் ஒப்பிட்டு, முன்பு பில் ஆனதைக் கழிக்க மறந்த ஒரு மென்பொருளை நானே பார்த்திருக்கிறேன். உள்ளூர் ஆள் ஒருவர் எழுதிக்கொடுத்தது. மற்ற எல்லாச் சோதனையிலும் அது தேறியது.

‘நின்றது’ என்றால் என்ன

மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வருகிறது, என்டர் அடித்தால் போய்விடுகிறது என்றால் அது நின்றதாகாது. சில மென்பொருள்கள் பில்லை ஏற்கவே மாட்டா. SAP போன்றவை பில்லைக் கணக்கில் ஏற்றிக்கொண்டு, பணம் கொடுப்பதை மட்டும் தடுக்கும். அதுவும் சரிதான். ஆனால் அப்போது நீங்கள் பில் திரையோடு நின்றுவிடாமல், பணம் கொடுக்கும் பட்டியலை ஓட்டி, அந்த பில் அதில் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தடையை யாரெல்லாம் எடுக்கலாம் என்ற பட்டியலையும் வாங்குங்கள். பில் ஏற்றுபவர் பெயர் அதில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்டரின் எல்லா வரிகளும் இந்த வழியாகத்தான் போகின்றனவா

மேட்ச் செய்யலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் ஆர்டரின் ஒவ்வொரு வரியிலும் ஒரு டிக். நீங்கள் சோதித்த வரியில் டிக் இருந்தது. மற்றவற்றில்? SAP-இல் அந்த டிக் விறகுக்காரரின் மாஸ்டர் பதிவிலிருந்து ஆர்டருக்கு வருகிறது. புது விறகுக்காரரைச் சேர்க்கும்போது அங்கே விட்டுப்போனால், அவருக்குப் போடும் ஒவ்வொரு ஆர்டரிலும் விட்டுப்போகும். இதற்கு மாதிரி எடுக்க வேண்டாம், வருடம் முழுவதையும் கேட்டுவிடலாம். அட்டவணைப் பெயர்களை உங்கள் மென்பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

```sql
SELECT po_no, line_no, vendor, item
FROM po_lines
WHERE gr_required = 'N'
  AND po_date BETWEEN '2024-04-01' AND '2025-03-31';
```

வரும் பட்டியலில் லாரி வாடகை, மெஷின் ரிப்பேர் போன்றவை இருக்கும். அவற்றுக்கு ஸ்டோர் வரவு கிடையாது, விட்டுவிடலாம். விறகு, பேப்பர் சாக்கு, உதிரிபாகம் என்று கையால் தொடக்கூடிய பொருள் இருந்தால் அந்த வரியின் பில்லைத் தேடிப் போங்கள்.

ஒரு தடவை சோதித்தால் போதுமா

ஒவ்வொரு வகைக்கும் ஒரு பில் போதும். மனிதனுக்குத் தூக்கம் வரும், மென்பொருள் 1-ஆம் பில்லுக்குச் செய்ததையே 900-ஆம் பில்லுக்கும் செய்யும். ஆனால் இடையில் யாரும் செட்டிங்கை மாற்றவில்லை என்றால்தான் இது செல்லும். செப்டம்பரில் சோதித்து, நவம்பரில் 2% என்பது 5% ஆனால், உங்கள் தாள் நவம்பரோடு காலாவதி. ஆகவே அந்த வருடத்தின் செட்டிங் மாற்றப் பதிவைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் கட்டாயம் என்பதால், ‘எல்லாம் பதிவாகிறது’ என்று பதில் வரும். அந்த விதி பேசுவது கணக்குப் பதிவுகளில் செய்யும் மாற்றத்தைப் பற்றி. விலக்கு வரம்பில் செய்யும் மாற்றம் அந்த லாகில் விழுகிறதா என்று டெஸ்ட் சிஸ்டத்தில் ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

ஸ்டோருக்கும் ஒரு நடை போய் வாருங்கள்

இது சோதனைத் தாளில் வழக்கமாக இருக்காது. மேலே சொன்ன எல்லாம் தேறிய ஒரு ஃபேக்டரியில், மழை நாளொன்றில் ஸ்டோரில் போய் உட்கார்ந்தேன். லாரி வந்தது. ஸ்டோர்க்காரர் ஆர்டர் எண்ணைத் தட்டினார், அளவுக் கட்டத்தில் 10 என்று தானாக வந்தது, சேவ் அடித்தார். எடைமேடைச் சீட்டு மேஜையில் கிடந்தது. அதில் 10 அல்ல, 9.15.

“அண்ணா, இந்தப் பத்து எங்கேயிருந்து வந்தது?”

“அதுவாவே வருது சார். லாரிக்காரர் கீழே இறங்கணும்னு நிக்கிறார், மழை வேற. வித்தியாசம் ரொம்ப இருந்தா மாத்துவேன்.”

ஆர்டரிலிருந்து நகலான 10, ஆர்டரின் 10-உடன் ஒப்பிடப்படுகிறது. பில்லும் 10. மூன்றும் ஒத்துப்போகின்றன, மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, நம் உதாரண விலையில் 0.85 டன் விறகுக்கு ₹3,570 போய்விடுகிறது. (அந்த 9.15-இலும் மழைத் தண்ணீர் எவ்வளவு என்பது வேறு கதை, அதை எந்த மேட்ச்சும் பிடிக்காது.)

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு மாத ஜி.ஆர்.என். அளவுகளை எக்செலில் இறக்கி, ஆர்டர் அளவை அடுத்த பத்தியில் வையுங்கள். எடைமேடையில் ஏறிய விறகு லோடு 10.00, 10.00, 12.00, 10.00 என்று முழு எண்ணாகவே வராது. அப்படி வந்திருக்கும் நாட்களின் எடைமேடைச் சீட்டுகளை மட்டும் கேட்டு வாங்குங்கள்.