முடி சேர்ந்த பிறகும் தண்ணி ஓடுகிற மூடியைத் தெரிவு செய்வது எப்படி?

குளியலறைத் தரையில் தண்ணி போகிற ஓட்டைக்குப் போடும் மூடியைப் பற்றித்தான் சொல்கிறேன். ஹாட்வெயார் கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லா மூடியும் நல்லாத்தான் இருக்கும். துளை எல்லாம் வெறுமையாக இருக்கிறதே, தண்ணி போகாமல் என்ன செய்யும்? வீட்டில் இரண்டு பேர் தலை முழுகி, நல்லெண்ணெயும் ஷாம்பூ நுரையும் முடியும் ஒன்றாகச் சேர்ந்து அதன் மேல் படிந்த பிறகு எவ்வளவு தண்ணி போகிறது என்பதுதான் கேள்வி. ஆகவே முடி பிடிக்கும் மூடி வாங்குகிற ஆள் அதை முடியோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். நம்ம கிழக்குக் கரைப் பக்க வீடுகளில் ஷவர் இருந்தாலும் வாளியில் அள்ளி ஊற்றுகிற பழக்கமும் கூடவே இருப்பதால் இரண்டையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: முதலில் இருக்கிற மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கடைக்குப் போக முதல் இதைச் செய்யுங்கள். தரையில் உள்ள சதுர மூடி சும்மா தூக்கினால் வருகிறதா, ஆணி போட்டு இறுக்கியிருக்கிறதா, அல்லது சீமெந்து வைத்துப் பூசியே விட்டார்களா என்று பாருங்கள். தூக்க முடிந்தால் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சில வீடுகளில் நேரே பைப்பின் வாய் தெரியும். சில இடங்களில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒன்று உள்ளே இருக்கும். அது தண்ணியைத் தேக்கி வைத்து, குளியல் தண்ணி போய் ஊறுகிற குழியின் நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் முடி பிடிக்கும் கூடையை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணி வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் கீழே பைப்பில் தண்ணி தேங்கி நிற்கும் வளைவு வேறு இல்லையென்றால் நாற்றம் நேரே வீட்டுக்குள் வரும், ஆகவே அதில் கை வைக்க வேண்டாம்.

பிறகு மூன்று அளவு எடுங்கள்: மேல் மூடியின் அகலம், உள்ளே உள்ள வாயின் விட்டம், மேலிருந்து உள்ளே தேங்கி நிற்கும் தண்ணி வரைக்குமான ஆழம். இந்த மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் மறந்து விடுவார்கள். கூடை அந்தத் தண்ணிக்குள் மூழ்கி நின்றால் முடி எப்போதும் ஈரத்திலேயே ஊறி வழுவழுப்பாகிவிடும், எடுக்கும்போது கையில் பிடிபடாது.

மூடியைத் திறந்த கையோடு உள்ளே கிடக்கும் மணலையும் அள்ளிவிடுங்கள். கல்லடி, பாசிக்குடா, ஒலுவில் என்று கடற்கரைக்குப் போய் வந்து பிள்ளைகள் கால் கழுவுகிற வீட்டில் மணல் நிச்சயம் இருக்கும். பழைய கரண்டி ஒன்று போதும்.

படி 2: மூடி இல்லாமல் தண்ணி எவ்வளவு வேகமாகப் போகிறது?

மூடியைக் கழற்றி வைத்தபடியே 10 லீற்றர் வாளி நிறையத் தண்ணியைத் தரையில் ஊற்றிவிட்டு, கடைசித் தண்ணி போகும்வரை போனில் நேரம் பாருங்கள். இதுதான் உங்கள் பைப்பின் சொந்த வேகம், எந்த மூடி போட்டாலும் இதைவிட வேகமாகப் போகாது. இதுவே மந்தமாக இருந்தால் பிரச்சினை கீழே இருக்கிறது, மூடி வாங்கித் தீராது. வளைவுக்குள் பழைய முடி திரண்டு கிடக்கலாம், அல்லது தரைச் சரிவு பிழையாக இருக்கலாம். நுனியில் முள் முள்ளாக இருக்கும் நீளமான பிளாஸ்டிக் பட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை மெல்ல உள்ளே விட்டு இழுத்தால் திரண்ட முடி வந்துவிடும். கொதி தண்ணி ஊற்ற வேண்டாம், பீவீசி பைப் அந்தச் சூட்டில் இளகும், ஒட்டிய மூட்டுகள் விட்டுப் போகலாம்.

படி 3: வடிவத்தைத் தெரிவு செய்தல்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. தட்டையாகத் தரையில் ஒட்டிக் கிடப்பது, நடுவில் மேடாக எழும்பி நிற்பது, ஓட்டைக்குள் இறங்கி உட்காரும் கூடை.

தட்டை மூடியில் என்ன நடக்கிறது என்றால், முதலில் வரும் முடியே எல்லாத் துளைகளுக்கும் குறுக்கே படுத்துவிடும். அதன் மேல் சவர்க்கார நுரை வந்து படியும், பிறகு தண்ணி போக வேறு வழியே இல்லை. மேடான மூடியில் முடி அடிப்பக்கத்தைச் சுற்றித்தான் முதலில் சேரும். கீழ்த் துளைகள் அடைபட்டால் தண்ணி கொஞ்சம் உயர்ந்து மேல் துளைகளால் போகும். கூடையிலும் இதே கதைதான்: முடி அடியில் இறங்க, பக்கத் துளைகள் திறந்தே இருக்கும். தண்ணிக்கு இரண்டாவது வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்காகச் சொன்னால் இன்னும் விளங்கும். 2 அங்குலப் பைப்பின் வாய் ஏறக்குறைய 20 சதுர சென்ரிமீற்றர். 3 மில்லிமீற்றர் துளை 60 உள்ள தட்டை மூடியின் துளைகளை எல்லாம் கூட்டினால் 4 சதுர சென்ரிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். அதாவது முடி விழ முன்னமே பைப்பின் ஐந்தில் ஒரு பங்குதான். 4 மில்லிமீற்றர் துளை 120 உள்ள கூடையில் அது 15 சதுர சென்ரிமீற்றர் வரும், பாதி அடைபட்டாலும் புது தட்டை மூடியைவிடக் கூடுதலாகத் திறந்திருக்கும். துளையின் அகலம் ஒரு மில்லிமீற்றர் கூடினாலே பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியென்றால் பெரிய துளையாக வாங்கலாமே என்று தோன்றும். 6 மில்லிமீற்றருக்கு மேல் போனால் கட்டையான முடி எல்லாம் உள்ளே போய்விடும். கடையில் அளவுகோல் இல்லாவிட்டால் நெருப்புக்குச்சி ஒன்றை மருந்துப் பக்கமாக விட்டுப் பாருங்கள். தலை தட்டாமல், அதிகம் ஆடாமலும் போனால் அது நல்ல துளை.

என்னைக் கேட்டால், மேல் மூடி தூக்க வருகிற வீட்டுக்குக் கூடைதான். பழைய மூடியின் துளை முடி உள்ளே போகிற அளவுக்குப் பெரிதென்றால் அதைக் கூடையின் மேலேயே திரும்ப வைக்கலாம், காலிலும் தட்டாது, வாளி பட்டு நகராது. மூடி சீமெந்தில் பூசப்பட்டிருந்தால் மேடான வகையை எடுங்கள், ஆனால் பாரமானதாக இருக்க வேண்டும். மெல்லிய சிலிக்கன் மூடி ஷவருக்குச் சரி, ஒரு வாளி தண்ணியைச் சரித்தால் அடிபட்டு மூலைக்குப் போய்விடும். அடியில் உறிஞ்சு கிண்ணம் இருக்கிறது என்று விற்பார்கள், அது வழுக்காத சொரசொரப்பு டைல்ஸில் பிடிக்காது.

படி 4: எதில் செய்தது, எப்படிச் செய்தது

மூடியைத் தூக்கி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். துளை குத்திய பக்கம் கூராக இருந்தால் முடி அதில் மாட்டிக்கொண்டு நிற்கும், உங்கள் விரலும் கிழியும். கம்பி வலை பின்னிய மூடியை நான் சொல்லவே மாட்டேன், முடி பின்னலுக்குள் நுழைந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டும். தகட்டில் வட்டத் துளை குத்தி மழுக்கியது, அல்லது அச்சில் வார்த்தது, இரண்டும் சுத்தம் செய்ய இலகு. நடுவில் பிடித்துத் தூக்க ஒரு குமிழோ காதோ இருக்கட்டும்.

கடல் உப்புக் காற்று அடிக்கிற ஊரில் உலோகம் வாங்கும்போது கவனம் தேவை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 என்று தரம் பொறித்ததைக் கேளுங்கள். காந்தம் வைத்துப் பலமாக ஒட்டினால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும் மலிவு வகை. ஒட்டாவிட்டால் நல்லது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒட்டாத மலிவு வகையும் உண்டு. முலாம் பூசிய பிளாஸ்டிக்கில் காசைப் போட வேண்டாம், பூச்சு உரிந்து அந்த விளிம்பிலேயே முடி மாட்டும். அதைவிடச் சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்.

படி 5: முடி போட்டுச் சோதித்தல்

வாங்கி வந்த மூடியைப் பொருத்திவிட்டுப் பழையபடி 10 லீற்றர் வாளியை ஊற்றி நேரம் பாருங்கள். அப்புறம் சீப்பில் சேர்ந்த முடியை ஒரு நெல்லிக்காய் அளவுக்கு எடுத்து, ஷாம்பூ இரண்டு துளி விட்டுக் கசக்கி, மூடியின் மேல் உதறி விரித்துப் போட்டு மறுபடியும் ஊற்றுங்கள்.

ஆரையம்பதியில் அக்கா வீட்டில் இப்படித்தான் பார்த்தோம். நீள முடி உள்ள இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு, வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய் முழுக்கு நடக்கும். வெறும் பைப்பில் வாளித் தண்ணி 15 செக்கனில் போனது. அவர்கள் பாவித்த தட்டை மூடியில் முடி இல்லாமல் 25, முடி போட்டதும் ஒரு நிமிடம் தாண்டியும் தண்ணி தேங்கி நின்றது. கூடையில் முடி இல்லாமல் 17, முடியோடு 22. வெறுமையாக இருந்தபோது இரண்டுக்கும் இடையில் எட்டுச் செக்கன்தான் வித்தியாசம், முடி விழுந்த பிறகுதான் எது மூடி எது அடைப்பு என்று தெரிந்தது. முடியோடு எடுக்கும் நேரம் வெறும் பைப்பின் நேரத்தைவிட இரண்டு மடங்குக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அளவு.

படி 6: சுத்தம் செய்தல்

முழுகி முடிந்ததும் முடியை உடனே நோண்ட வேண்டாம். கூடையைத் தூக்கி ஜன்னல் ஓரத்தில் காய வையுங்கள். காய்ந்த முடி பஞ்சுபோலத் திரண்டு ஒரே இழுப்பில் வரும், அதைக் கடதாசியில் சுற்றிக் குப்பைக்குப் போடுங்கள், கக்கூசுக்குள் போட்டால் அடைப்பு இடம் மாறும், அவ்வளவுதான்.

வாரத்தில் ஒரு தரம் பழைய பல் பிரஷால் அடிப்பக்கத்தையும் தேய்க்க வேண்டும். நம்ம கிணற்றுத் தண்ணி உவர்ப்பும் சுண்ணாம்புமாக இருக்கிற இடங்களில் சவர்க்காரம் அதோடு சேர்ந்து சாம்பல் வெள்ளையாக ஒரு படை பிடிக்கும், கண்ணுக்கு அதிகம் தெரியாமலே துளையைச் சின்னதாக்கிவிடும். தேசிக்காய்ப் பாதியாலோ வினாகிரியாலோ தேய்த்து அரை மணித்தியாலம் விட்டால் இளகிவிடும். குளோரின் உள்ள திரவத்தை ஸ்டீல் மூடியில் ஊற்றி ஊற விட வேண்டாம், புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அதை வினாகிரியோடு ஒருபோதும் சேர்க்கவும் கூடாது, வருகிற வாயு நெஞ்சை அடைக்கும்.

கார்த்திகை, மார்கழி அடைமழைக் காலத்துக்கு மட்டும் ஒன்று. நேற்று வரை நன்றாகப் போன தண்ணி திடீரென்று நின்றால் மூடியைத் தூக்கிவிட்டு ஊற்றிப் பாருங்கள். தூக்கியதும் சடாரென்று இறங்கினால் முடிதான் காரணம், கழுவுங்கள். தூக்கியும் அப்படியே நின்றால், அல்லது உள்ளே குமிழி விட்டுத் தண்ணி மேலே வந்தால், நிலத்தடி நீர் ஏறிக் குளியல் தண்ணி ஊறுகிற குழி நிரம்பியிருக்கலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் தரையில் உள்ள வீடுகளில் இது நடக்கும். குழியை உறிஞ்சி எடுத்தாலும் சுற்றியுள்ள தண்ணி திரும்பவும் உள்ளே ஊறும், ஆகவே நிலத் தண்ணி இறங்கும் வரை ஷவரை நிறுத்திவிட்டு அளவாக வாளியில் குளிப்பதைத் தவிர வேறு வழியில்லை.