மன்னிப்புக் கடிதத்தில் எழுதியதும் வெட்டியதும்

சேர்ந்து குறிப்பெடுத்த கூகுள் டாக்ஸில் தோழி எழுதியிருந்த ஒரு பத்தி, என்னுடையது என்ற நினைப்பில் என் கட்டுரைக்குள் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு சாருக்கு முதலில் எழுதிய கடிதம் முழுக்கச் சாக்குப்போக்கு. திருத்தியபோது, இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பத்தி அவளுடையது என்று முதல் வரியிலேயே சொன்னேன். அதை நான் எடுத்தது அவளுக்குத் தெரியாது என்பதை அடுத்த வரியில் வைத்தேன். இல்லாவிட்டால் விசாரணையில் அவளும் மாட்டுவாள். அப்புறம், யார் எப்போது எழுதியது என்று காட்டும் பதிப்பு வரலாற்றை இணைத்தேன். ஆனால் அதைக் காட்டி மதிப்பெண் கேட்கவில்லை.

தவறைச் சரிசெய்யக் கடிதத்தில் சொன்ன திட்டம் சின்னதுதான். மூலநூலைப் படித்து அந்தப் பத்தியை வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக எழுதித் தருவேன். இனி பிறர் குறிப்பை ஒட்டும்போதே பெயர் போட்டு, வேறு நிறத்தில் வைப்பேன். ‘கவனமாக இருப்பேன்’ என்ற வரியை வெட்டிவிட்டேன், அதை யார் சரிபார்ப்பது? சார் புதுப் பத்தியை வாங்கிக்கொண்டு, அதற்குரிய மதிப்பெண்ணை மட்டும் கழித்தார்.