சாப்பிட்டதும் இனிப்பு தேடுதா? செய்யக் கூடாத தவறுகள்

காரைக்குடியில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. இனிப்பைக் குறைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சில இடங்களில்தான் வழுக்குகிறார்கள். டப்பாவை ஒளித்து வைப்பது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்ப்பது

சாப்பாட்டில் புரதம் எங்கே என்று கேட்கும்போது "தினமும் பருப்பு ஊத்திக்கிறேனே" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஒரு கரண்டி சாம்பாரில் போகும் பருப்பு 10, 15 கிராம் இருக்கும். அதில் புரதம் 3 கிராம் தேறினால் பெரிது. கோழிக் குழம்பும் அப்படியே. புரதம் கறியில் இருக்க, நாம் குழம்பைத்தான் சோறு முழுக்க ஊற்றிப் பிசைகிறோம்.

பலகாரம் செய்து விற்கும் ஒரு ஆச்சி வந்தார். மதியம் ஒரு மணிக்குக் குவியலாகச் சோறு, சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மூன்றரைக்கெல்லாம் கை தானாகக் கந்தரப்பத்துக்குப் போய்விடும். சோறு மட்டும் நிறைய உண்டால் ரத்தச் சர்க்கரை சட்டென ஏறும். சிலருக்கு இரண்டு, மூன்று மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு முன்பிருந்ததற்கும் கீழே இறங்கிவிடும். பசி கிளம்புவது அப்போதுதான்.

இனிப்பைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னேன். இரண்டு அவித்த முட்டை, அதில் 12 கிராம் புரதம். அசைவம் ஆகாத நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். கூடவே கிண்ணம் நிறைய அவரைக்காய்ப் பொரியல். இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோறு. புரதமும் நார்ச்சத்தும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். கொஞ்ச நாளில் மூன்றரை மணித் தேடல் அடங்கியது. கை கழுவியதும் வரும் ஆசை மட்டும் போகவில்லை.

(சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.)

இரண்டு ஆசையையும் ஒன்றென நினைப்பது

கை கழுவியதும் வருவது பசியல்ல. காரமும் புளிப்பும் சலித்த நாக்கு வேறு சுவை கேட்கிறது, பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 'இப்போது சுண்டல் கொடுத்தால் சாப்பிடுவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் பசி. இனிப்புதான் வேண்டும் என்றால் ஒரு சின்னத் துண்டோடு எழுந்துவிடலாம். அதற்காக இன்னொரு முட்டை தின்று பயனில்லை.

கருப்பட்டிக்கு மாறுவது

அதுவும் சர்க்கரைதான்.

தூக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

கல்யாண சீசனில் ஆச்சிக்குப் பழைய தேடல் திரும்பியது. சாப்பாடு மாறவில்லை. ஆனால் நள்ளிரவு வரை மனகோலம் என்ற பலகாரம் பிடித்துவிட்டு விடியுமுன் எழுந்துகொண்டிருந்தார். 2004இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது, அடக்கும் லெப்டின் குறைந்தது, இனிப்பின் மேலும் மாவுப் பண்டங்களின் மேலும் ஆசை ஏறியது. சீசன் முடியும்வரை ஆச்சியின் தட்டில் நான் கை வைக்கவில்லை.

நடுக்கத்தையும் வெறும் ஆசை என்று விடுவது

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்த்து நடுங்கினால் உடனே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.