கோவையிலிருந்து நியூயார்க் கம்பெனிக்கு வேலை: நேரத்தையும் பணத்தையும் முதலிலேயே பேசிக்கொள்வது எப்படி?

ஒப்பந்த அடிப்படையில் வெளிநாட்டு வேலை கிடைத்ததும் பலரும் மணிக்கு எத்தனை டாலர் என்பதை மட்டும் பேசிவிட்டு ஆரம்பித்துவிடுகிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் இன்னும் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்.

1. சேர்ந்து இருக்கும் நேரம்

நாள் முழுக்க அவர்கள் நேரத்துக்கு விழித்திருக்கத் தேவையில்லை. மூன்று மணி நேரம் இரு தரப்பும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். நியூயார்க் காலை 9:30 முதல் 12:30 வரை என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அது நமக்கு இரவு 7 முதல் 10 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் 8 முதல் 11 ஆகிவிடும். அதனால் ஜூலையில் பேசினாலும் குளிர்கால நேரத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். இரவு 11 மணி ஒத்துவராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

2. மீட்டிங்

காலண்டரில் மீட்டிங் போடும்போது நேர மண்டலத்தை `America/New_York` என்று தேர்ந்தெடுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே ஒரு மணி நேரம் முன்னால் போகும். நம் காலண்டர் தானாக மாறிக்கொள்ளும். என் முதல் வருடத்தில் மீட்டிங்கை இந்திய நேரத்தில் 8 மணி என்று குறித்து வைத்திருந்தேன். அந்த மார்ச் திங்கள்கிழமை சரியாக 8 மணிக்கு உள்ளே போனேன், யாருமே இல்லை. 7 மணிக்கே தொடங்கி முடித்துவிட்டார்கள்.

3. பணம் எப்போது வரும்?

இதில்தான் அதிகம் அடிபடுகிறோம். 'நெட் 30' என்றால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பணம் தருவார்கள். வேலை செய்த நாளிலிருந்து அல்ல. ஏப்ரல் மாத வேலைக்கு மே 1 அன்று இன்வாய்ஸ் அனுப்பினால், மே 31 வரை அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஏப்ரல் 1 அன்று செய்த வேலைக்கு 60 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டு வாடகை யார் கொடுப்பது?

மாதம் இருமுறை இன்வாய்ஸ், 'நெட் 15' என்று கேளுங்கள். ஏப்ரல் 16 அன்று முதல் இன்வாய்ஸ் போனால் மே 1-க்குள் பணம் வர வேண்டும். காத்திருப்பு பாதியாகிவிடும். பெரிய கம்பெனிகள் 'நெட் 15' தர மறுக்கலாம். அப்போது மாதம் இருமுறை என்பதையாவது விடாதீர்கள்.

அப்புறம், வங்கி வழியாக டாலர் வரும்போது இடையில் உள்ள வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அனுப்பும் கட்டணம் முழுவதும் அவர்களுடையது என்றால், வங்கிப் படிவத்தில் `OUR` என்று குறிக்கச் சொல்லுங்கள். முதல் பணம் வந்ததும் இன்வாய்ஸ் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது முப்பது டாலர் குறைந்தால் அன்றைக்கே மெயில் போடுங்கள்.

அமெரிக்கக் கம்பெனி `W-8BEN` படிவம் கேட்கும். வரி விஷயத்தில் நீங்கள் அமெரிக்கர் இல்லை, வெளிநாட்டவர் என்பதற்கான படிவம் அது. முதல் இன்வாய்ஸோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்; அது கைக்கு வராமல் பல கம்பெனிகளில் கணக்குப் பிரிவு பணத்தை விடாது.