டார்கெட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும்போது எங்கே தவறுகிறோம்?

பெங்களூரு அல்சூரில் மாடுலர் கிச்சன் செய்து தரும் சின்ன நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆர்டர் சராசரியாக 2 லட்சம் ரூபாய். போன மாதம் 60 லீட், அதாவது விசாரணை, வந்தது; அதில் 6 ஆர்டர் ஆனது. அடுத்த டார்கெட் 24 லட்சம், அதாவது 12 ஆர்டர். முதலாளியின் கணக்கு ஒரே வரிதான்: பத்துக்கு ஒன்று தேறுகிறது, அப்படியானால் 120 லீட் போதும்.

இந்தப் ‘பத்துக்கு ஒன்று’தான் ஆளைக் கவிழ்க்கும். அந்த 60 பேரைப் பிரித்துப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள் 10 பேர், அவர்களில் 4 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். கூகுள் விளம்பரத்தில் வந்த 50 பேரில் தேறியது 2 பேர்தான். விளம்பரத்தின் உண்மையான விகிதம் 4 சதவீதம். சிபாரிசில் வரும் பத்துப் பேரைப் பணம் கொட்டி இருபது ஆக்க முடியாது. கூடுதல் ஆர்டர் எல்லாம் விளம்பரத்திலிருந்துதான் வரவேண்டும்.

சிபாரிசில் அதே 4 வரும் என்று வைத்தால், மீதி 8 ஆர்டருக்கு 200 விளம்பர லீட் வேண்டும். இணையப் பக்கத்துக்கு வரும் நூறு பேரில் 4 பேர் ஃபார்ம் நிரப்பினால் 5,000 கிளிக். கிளிக்குக்கு 30 ரூபாய் என்றால் பட்ஜெட் ஒன்றரை லட்சம். முதலாளி கணக்கில் விளம்பர லீட் 110தான், செலவு 82,500 ரூபாய். அதை நம்பி இறங்கினால் மாதக் கடைசியில் 8 ஆர்டர் தாண்டாது. பழியோ விற்பனைப் பையன் மேல் விழும்.

50-க்கு 2 என்பதும் கெட்டியான எண் அல்ல. இன்னொருவர் ஆர்டர் கொடுத்திருந்தால் விகிதம் 6 சதவீதம், தேவை 134 லீட். ஒருவர் நழுவியிருந்தால் 400. அதனால் நாலைந்து மாதத்தைச் சேர்த்தே விகிதம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டரையும் அதன் லீட் வந்த மாதத்தின் கணக்கில் எழுதுங்கள். அளவெடுத்து, டிசைன் திருத்தி, அட்வான்ஸ் வாங்க ஐந்தாறு வாரம் போனால், இந்த மாத ஆர்டரை இந்த மாத லீட்டால் வகுப்பதில் அர்த்தமில்லை. ஆவணி கிரகப்பிரவேசத்துக்கான விசாரணை ஆடியிலேயே வந்திருக்கும்.

கடைசியாக, பட்ஜெட்டை ஏற்றினால் கிளிக்கும் அதே விலைக்குக் கூடும் என்ற நம்பிக்கை. கூகுள் ஆட்ஸில் `Search lost IS (budget)` என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், பணம் போதாததால் நழுவும் தேடல்கள் அநேகமாக இல்லை. பட்ஜெட்டை மட்டும் ஏற்றி 5,000 கிளிக் கிடைக்காது. கிளிக்குக்கான ஏலத் தொகையை உயர்த்த வேண்டும், அல்லது புதிய தேடல் சொற்களுக்குப் போக வேண்டும். முதல் வழியில் 30 ரூபாய் 30-ஆக இருக்காது, இரண்டாவதில் லீட் ஆர்டர் ஆகும் விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கலாம். அந்த எண்களை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். இப்போதே விளம்பர ஆர்டர் ஒன்றுக்கு 18,750 ரூபாய் ஆகிறது. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது திரும்பியும் வராது.