104 சதவீதத்தில் தடுக்கிய நேர்முகப் பரீட்சை

கொழும்பில் விற்பனைப் பிரதிநிதி வேலைக்கான இரண்டு நேர்முகப் பரீட்சைகளிலும், "இலக்கில் 104 சதவீதம் எட்டினேன்" என்று நான் சொன்னதுமே கேள்விகள் நின்றுபோயின. சுயவிபரக் கோவையைத் திருத்தினேன், பதில்களை மனப்பாடம் செய்தேன். ஒரு வாரம் வீணானதுதான் மிச்சம்.

பழைய மாத அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. 40 இலட்சம் ரூபாய் இலக்குக்கு நான் காட்டிய 41.6 இலட்சம், விநியோகஸ்தருக்குப் போன சரக்கின் பெறுமதி; அவரிடமிருந்து கடைகளுக்குப் போனதோ 36.4 இலட்சம், அதாவது 91 சதவீதம். மீதி 5.2 இலட்சம் அவருடைய களஞ்சியத்தில் தேங்கியிருந்தது. விற்பனை முகாமையாளர்கள் முதலில் தேடுவது இந்த இடைவெளியைத்தான்.

மூன்றாவது முறை இரண்டு எண்களையும் நானே சொல்லி, மாத இறுதியில் இலக்கை எட்ட விநியோகஸ்தரிடம் சரக்கைத் தள்ளியதே காரணம் என்றும், அடுத்த மாதம் அவருடைய கொள்வனவு கட்டளையைக் குறைத்ததையும் விளக்கினேன்.

ரோல் பிளேயில் பரீட்சகர் கடைக்காரராக அமர்ந்து, "பழைய சரக்கே கிடக்குது தம்பி" என்றார். வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் மாமாவுடன் பழகியிருந்தபடி, விலைக்கழிவு பற்றிப் பேசாமல், "எந்த அளவுப் பைக்கற் கிடக்குது ஐயா, எத்தனை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஓடுகிற அளவில் மட்டும் சிறிய கட்டளை கேட்டேன். நான்காம் நாள் நியமனக் கடிதம் வந்தது.