எ கொமீதோவா, கொமீயா? ஸ்பானிஷ் இறந்தகாலம் ஊருக்கு ஊர் மாறுவது எப்படி

ஸ்பானிஷில் 'சாப்பிட்டேன்' என்று சொல்ல இரண்டு வழி உண்டு. 'கொமீ' என்று ஒரே சொல்லில் முடிப்பது ஒன்று, 'எ கொமீதோ' என்று இரண்டு சொல்லில் சொல்வது இன்னொன்று. முதலாவதைத் தனி இறந்தகாலம் என்றும் இரண்டாவதைக் கூட்டு இறந்தகாலம் என்றும் வைத்துக்கொள்வோம். 'இன்று' வந்தால் கூட்டு, 'நேற்று' வந்தால் தனி என்று பல பாடப்புத்தகங்கள் சொல்லும். அது மாட்ரிட்டின் விதி. மெக்ஸிகோ தொடர் ஒன்றைப் பார்த்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அது உடைந்துவிடும்.

படி 1: வடிவத்தைப் பிடியுங்கள்

கூட்டு இறந்தகாலத்துக்கு 'அபெர்' என்ற துணைவினை வேண்டும். நான் என்றால் 'எ', நீ என்றால் 'அஸ்', அவன் அல்லது அவள் என்றால் 'ஆ', நாங்கள் என்றால் 'எமோஸ்', அவர்கள் என்றால் 'ஆன்'. அதன் பின்னால் கொமீதோ, தொமாதோ போன்ற வடிவம் வரும். ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, இந்த இரண்டாவது சொல் மாறாது.

ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே எதையும் நுழைக்கக் கூடாது. 'ஒருபோதும் சாப்பிட்டதில்லை' என்பது 'நுன்கா எ கொமீதோ'. 'எ நுன்கா கொமீதோ' என்றால் தவறு.

படி 2: ஒரே செய்தியை மூன்று ஊரில் சொல்லிப் பாருங்கள்

இன்று காலை ஏழு மணிக்கு எழுந்தேன், நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை, இன்னும் காபி குடிக்கவில்லை. இந்த மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

மாட்ரிட்: எஸ்தா மன்யானா மெ எ லெவன்தாதோ அ லாஸ் சியெத்தே. அனோச்சே தோர்மீ மால். தோதவியா நோ எ தொமாதோ கஃபே.

மெக்ஸிகோ நகரம்: ஓய் மெ லெவன்தே அ லாஸ் சியெத்தே. அனோச்சே தோர்மீ மால். தோதவியா நோ எ தொமாதோ கஃபே.

புவெனோஸ் ஐரெஸ்: ஓய் மெ லெவன்தே அ லாஸ் சியெத்தே. அனோச்சே தோர்மீ மால். தோதவியா நோ தொமே கஃபே.

நேற்று இரவில் மூவருக்கும் தகராறே இல்லை. காலையில் எழுந்தது முடிந்துபோன காரியம்தான், ஆனாலும் அது 'இன்று' என்ற வட்டத்துக்குள் இருப்பதால் மாட்ரிட்காரர் கூட்டு வடிவத்தை எடுக்கிறார். மெக்ஸிகோகாரர் நாளைப் பார்ப்பதில்லை, காரியம் முடிந்ததா என்றுதான் பார்க்கிறார். எழுந்தது முடிந்தது, அதனால் தனி. காபி விஷயம் இன்னும் முடியவில்லை, குடிக்க நேரம் இருக்கிறது, அதனால் கூட்டு. புவெனோஸ் ஐரெஸ்காரர் அங்கேயும் பெரும்பாலும் தனி வடிவத்தையே போட்டுவிடுவார்.

படி 3: மெக்ஸிகோ விதியைச் சோதியுங்கள்

'எஸ்தே மெஸ் எஸ்துதியே முச்சோ' என்று அங்கே ஒருவர் சொன்னால், இந்த மாதம் நிறையப் படித்து முடித்தாயிற்று என்று பொருள். 'எஸ்தே மெஸ் எ எஸ்துதியாதோ முச்சோ' என்றால் படிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் 'இந்த மாதம்' இருக்கிறது, எனவே காலச்சொல்லை மட்டும் பார்த்து வடிவத்தை முடிவு செய்ய முடியாது.

தமிழில் நாமும் 'இன்று காலை சாப்பிட்டேன்' என்றுதான் சொல்கிறோம், 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதில்லை. அதனால் நமக்கு மெக்ஸிகோ வழி சட்டென்று பிடிபடும், மாட்ரிட் வழிக்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

ஏன் இப்படிப் பிரிந்தது?

லத்தீனில் இந்தக் கூட்டு வடிவம் 'செய்து முடித்த பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது' என்ற அர்த்தத்தில் தொடங்கியது. அபெர் அப்போது 'வைத்திருப்பது' என்ற முழு வினை. பிறகு மெல்ல மெல்ல இறந்தகாலத்தின் எல்லைக்குள் நகர்ந்தது. பிரெஞ்சுப் பேச்சில் அது கடைசி வரை போய், பழைய தனி வடிவத்தையே விரட்டிவிட்டது. மாட்ரிட் பாதி வழியில், 'இன்று' வரை வந்து நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிஷ் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது இந்த நகர்வு அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. மெக்ஸிகோவில் கேட்பது பெரும்பாலும் அந்தப் பழைய நிலைக்கு நெருக்கமானது. எனவே அவர்கள் விதியைக் கெடுத்துவிட்டார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை தலைகீழான பேச்சு.

ஸ்பெயினுக்குள்ளேயும் ஒரே வழக்கு இல்லை. கலீசியாவில் மக்கள் பேசும் கலீசிய மொழியில் இப்படிப்பட்ட கூட்டு வடிவமே கிடையாது, அதனால் அங்கே ஸ்பானிஷ் பேசும்போதும் 'ஓய் கொமீ' என்பார்கள். அஸ்தூரியாஸிலும் கனேரித் தீவுகளிலும் தனி வடிவமே மேலோங்கி நிற்கும். எதிர்த்திசையில், பெரு, பொலிவியாவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் 'நேற்று' என்ற சொல்லோடேயே கூட்டு வடிவம் வருவதைக் கேட்கலாம். அதைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும், நீங்கள் எழுத வேண்டாம்.

படி 4: ஒரு வழக்கைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் ஆசிரியரோ, நீங்கள் போகப்போகிற நாடோ எதுவோ, அதன் வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் மொழித்திறனைச் சோதிக்கும் தெலே தேர்வில் எந்த நாட்டு வழக்கையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒரே கட்டுரையில் காலைக்கு மாட்ரிட், மாலைக்கு மெக்ஸிகோ என்று கலக்காதீர்கள். எந்த வழக்கு என்று இன்னும் முடிவாகவில்லையா? சரி, முடிந்த காரியத்துக்கெல்லாம் தனி வடிவத்தைப் போடுங்கள். மாட்ரிட்டில் 'ஓய் கொமீ' என்றாலும் புரிந்துகொள்வார்கள், லத்தீன் அமெரிக்காவில் படித்தீர்களா என்று வேண்டுமானால் கேட்பார்கள்.